விழா முடிந்த மறுநாள் அனுப்பும் நன்றிச் செய்தி: தோட்ட ஏற்பாட்டுக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆலயத் திருவிழா, ஒற்றுமைப் பொங்கல், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, முன்னாள் மாணவர் சந்திப்பு என எந்த நிகழ்ச்சியானாலும், கூடாரம் பிரித்து நாற்காலிகளை அடுக்கிய பின்னும் ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, படங்களைப் பகிர்ந்து, அடுத்த தேதியைத் தெரிவித்து, குறை நிறைகளைக் கேட்கும் ஒரு சிறு செய்தியை அனுப்புவதே அது. முன்பு மேடையில் நன்றியுரை சொல்வார்கள். பெரிய விழா என்றால் நாளிதழில் நன்றி அறிவிப்பு வரும். இப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் புலனம் எனப்படும் வாட்ஸ்அப் செய்கிறது.

கேமரன் மலையில் இந்தச் செய்திக்குக் கூடுதல் தேவை உண்டு. 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்திலும் மற்றத் தோட்டங்களிலும் வளர்ந்த பலர் இன்று ஈப்போ, தாப்பா, கோலாலம்பூர் என்று பிரிந்து வாழ்கிறார்கள். விழாவுக்கு மலையேறி வந்து, இருட்டுவதற்குள் வளைவுச் சாலையில் இறங்க வேண்டும் என்பதால் நன்றியுரைக்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். அவர்களை அடுத்த முறையும் வரவழைக்கக் குழுவின் கையில் இருப்பது பதிவேட்டில் எழுதிய தொலைபேசி எண்கள் மட்டுமே. ஆனால் அந்த எண்களுக்கு அனுப்பும் செய்தியில் கணிசமான பங்கு போய்ச் சேர்வதே இல்லை. அது ஏன், எப்படிச் சரிசெய்வது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

எடுத்துக்காட்டு: ஒரு தோட்டப் பொங்கல்

ஒரு தேயிலைத் தோட்டத்தில் 2026 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை ஒற்றுமைப் பொங்கல் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 200 பேர் வந்தார்கள். நுழைவாயில் மேசையில் குடும்பத்துக்கு ஒருவர் வீதம் 74 பேர் பெயரும் எண்ணும் எழுதினார்கள். திங்கட்கிழமை மாலை குழுச் செயலாளர் அந்த 74 எண்களுக்கும் நன்றிச் செய்தி அனுப்பப் போகிறார்.

அனுப்ப மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, 74 பேரையும் ஒரு புலனக் குழுவில் சேர்ப்பது. இது எளிது. ஆனால் குழுவில் உள்ள எல்லாருக்கும் எல்லாருடைய எண்ணும் தெரிந்துவிடும். பொங்கலுக்கு வந்த ஒரு பெண்ணின் எண் முன்பின் அறியாத 73 பேருக்குப் போவதை அவர் விரும்பியிருக்க மாட்டார். மேலும், குழு என்றால் காலை வணக்கப் படங்களும் விற்பனை விளம்பரங்களும் வரத் தொடங்கும். ஒரு வாரத்தில் பாதிப் பேர் ஒலியை அடைத்துவிடுவார்கள். அடுத்த அறிவிப்பு அவர்கள் கண்ணில் படாது.

இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புவது. பத்து இருபது பேர் என்றால் இதுவே சிறந்தது. 74 பேர் என்றால் நேரம் பிடிக்கும். ஒரே செய்தியை முன்பின் அறியாத எண்களுக்கு அடுத்தடுத்து அனுப்பினால், பெற்றவர்கள் தொல்லைச் செய்தி என்று புகார் அளித்துக் கணக்கே முடக்கப்படும் அபாயமும் உண்டு.

மூன்றாவது வழி New broadcast என்ற ஒலிபரப்புப் பட்டியல். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒருமுறை அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போய்ச் சேரும். யார் எண்ணும் யாருக்கும் தெரியாது. பதிலும் அனுப்பியவருக்கு மட்டுமே வரும். தோட்ட நிகழ்ச்சிக்கு இதுவே பொருத்தமானது. ஆனால் இதில்தான் பெரும்பாலோர் அறியாத ஒரு நிபந்தனை இருக்கிறது.

செய்தி ஏன் சேரவில்லை?

ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்பும் செய்தி, அனுப்புநரின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். செயலாளர் அவர்கள் எண்ணைச் சேமித்திருந்தால் போதாது. அவர்களும் செயலாளரின் எண்ணைச் சேமித்திருக்க வேண்டும். சேமிக்காதவர்களுக்குச் செய்தி போகாது. போகவில்லை என்ற அறிவிப்பும் அனுப்புநருக்கு வராது. எல்லாருக்கும் அனுப்பிவிட்டோம் என்று குழு நிம்மதியாக இருக்கும். ஈப்போவில் இருப்பவரோ, நம்மை மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து Info என்பதைத் தட்டினால், யார் யாருக்குச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்ற இரண்டு பட்டியல்கள் தெரியும். நம் எடுத்துக்காட்டில் செவ்வாய்க்கிழமை மாலை செயலாளர் பார்க்கும்போது 51 பெயர்களே இருக்கின்றன. மீதி 23 பேர் எங்கே? சிலர் கைப்பேசியை அணைத்து வைத்திருக்கலாம். பள்ளத்தாக்கு லயங்களில் அலைவரிசை கிடைக்காமல் இருந்திருக்கலாம். சிலருடைய எண் பதிவேட்டில் தவறாக எழுதப்பட்டிருக்கலாம். ஒரு முழு நாள் கழிந்தும் பெயர் வராவிட்டால், அவர் எண்ணைச் சேமிக்கவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

அந்த 23 பேருக்கு மட்டும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். அப்போது முதல் வரியில் பெயர் சொல்லி அழைத்து, அனுப்புபவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். "வணக்கம் அண்ணே, நான் பொங்கல் குழுச் செயலாளர். ஞாயிறு நுழைவாயில் மேசையில் உங்கள் எண்ணை எழுதிக்கொண்டது நான்தான். இந்த எண்ணைச் சேமித்துக்கொண்டால் அடுத்த அறிவிப்பு தானாக வந்துவிடும்" என்று எழுதினால் போதும்.

இதைவிட நல்லது, சிக்கலை நுழைவாயில் மேசையிலேயே தீர்த்துவிடுவது. "எங்கள் எண்ணை 'தோட்டப் பொங்கல் குழு' என்று இப்போதே சேமியுங்கள், படங்கள் இதிலிருந்துதான் வரும்" என்று ஒரு பெரிய அட்டையில் எண்ணோடு எழுதி வைக்கலாம். பதிவேட்டிலும் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டு, சேமித்துவிட்டார் என்றால் ஒரு கோடு இடலாம். மேசையில் இருக்கும் இளைஞர் பெரியவர்களின் கைப்பேசியை வாங்கித் தாமே சேமித்துக் கொடுத்தால் வேலை இன்னும் எளிது.

செய்தியில் என்ன எழுதுவது?

செய்தி கைப்பேசித் திரையில் ஒரே பார்வையில் முடிய வேண்டும். நன்றி, படங்கள், அடுத்த தேதி, கருத்து இணைப்பு என்ற வரிசையே பொருந்தும். படம்தான் எல்லாரும் தேடுவது என்பதால் அது நன்றிக்கு அடுத்து வர வேண்டும். கருத்து கேட்பது நாம் அவர்களிடம் வேண்டும் உதவி. ஆகவே அது கடைசியில் வருவதே முறை.

> வணக்கம். ஞாயிறு (18.1.2026) நம் தோட்டப் பொங்கலுக்கு வந்து சிறப்பித்ததற்கு நன்றி. பானை வைத்த 12 குடும்பங்களுக்கும், விறகும் பாத்திரமும் கொடுத்து உதவிய ஆலய நிர்வாகத்திற்கும் தனி நன்றி.
>
> படங்கள் (30): [இணைப்பு]
> உங்கள் படமோ பிள்ளையின் படமோ வேண்டாம் என்றால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறோம்.
>
> அடுத்த சந்திப்பு: சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடல், ஏப்ரல் 12, ஞாயிறு, காலை 10 மணி, ஆலய மண்டபம்.
>
> மூன்று கேள்விகள், ஒரு நிமிடம்: [இணைப்பு]. இங்கேயே பதில் எழுதினாலும், குரல் பதிவு அனுப்பினாலும் சரி.
>
> - செயலாளர், பொங்கல் ஏற்பாட்டுக் குழு

"பானை வைத்த 12 குடும்பங்கள்" போன்ற ஒரு குறிப்பிட்ட விவரம், இது எங்கோ நகலெடுத்த வாசகம் அல்ல என்பதைக் காட்டிவிடும். ஆனால் நன்கொடையாளர் பட்டியல் முழுவதையும் இங்கே போடக்கூடாது. பதினைந்து பெயர் போட்டு ஒன்று விடுபட்டால் அதுவே மனக்கசப்பாகும். நன்கொடை வசூலித்திருந்தால், வரவு செலவுக் கணக்கு ஆலயப் பலகையில் எந்த நாளில் ஒட்டப்படும் என்று மட்டும் ஒரு வரி சேர்க்கலாம்.

அடுத்த தேதியில் கிழமை, நேரம், இடம் மூன்றும் இருக்க வேண்டும். "விரைவில் சந்திப்போம்" என்பது தேதி ஆகாது. மலைக்கு வர விடுப்பு கேட்க வேண்டியவருக்கு அதனால் பயனில்லை. உறுதியாகாத தேதியையும் போடக்கூடாது. ஒருமுறை மாற்றினால் அடுத்த முறை நம்ப மாட்டார்கள். தேதி குறிக்கும்போது மற்ற நாள்களையும் பார்க்க வேண்டும். 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1ஆம் தேதி. அதே மாதப் பிற்பாதியில் நோன்பு மாதம் தொடங்குகிறது. ஒற்றுமைப் பொங்கலுக்கு வந்த மலாய்க்கார அண்டை வீட்டாரையும் அழைக்க விரும்பினால், அடுத்த விருந்தை நோன்புப் பெருநாளுக்குப் பின் வைப்பதே மரியாதை. தமிழ் படிக்காதவர்கள் பட்டியலில் இருந்தால், அதே செய்தியை மலாயிலும் எழுதித் தனியே அனுப்பலாம்.

நேரமும் முக்கியம். நிகழ்ச்சிக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அனுப்பிவிட வேண்டும். எல்லாப் படங்களையும் சரிசெய்துவிட்டு அனுப்பலாம் என்று இரண்டு வாரம் காத்திருந்தால் ஆவல் போய்விடும். காலைப் பெரட்டுக்கும் கொழுந்து பறிப்புக்கும் போகும் நேரத்தில் யாரும் படம் பார்க்க மாட்டார்கள். இரவு ஏழிலிருந்து எட்டரைக்குள் அனுப்புவது தோட்டத்தாருக்கும் பட்டணத்தாருக்கும் ஒத்துவரும்.

படங்கள்: குறைவாக, கவனமாக

விழாவில் 600 படம் எடுத்திருந்தாலும் 30 போதும். எல்லாக் குடும்பமும் ஒரு படத்திலாவது இருக்கிறதா என்று மட்டும் பதிவேட்டை வைத்துச் சரிபார்க்க வேண்டும். தன் வீட்டார் இல்லாத தொகுப்பை யாரும் இரண்டாம் முறை திறப்பதில்லை.

படங்களைச் செய்தியோடு ஒவ்வொன்றாக அனுப்பினால் வாங்குபவரின் கைப்பேசி நிரம்பும், தரவும் செலவாகும். கூகல் போட்டோஸ் போன்ற தொகுப்பில் ஏற்றி இணைப்பை அனுப்பினால், விரும்பியவர் விரும்பிய படத்தை மட்டும் இறக்கிக்கொள்வார். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அந்த இணைப்பு யார் கைக்குப் போனாலும் அவர் படங்களைப் பார்க்க முடியும். பெறுபவர் அதை வேறு குழுவில் போட்டால் நம்மால் தடுக்க முடியாது. எனவே தொகுப்பின் அமைப்பில் மற்றவர்கள் படம் சேர்ப்பதை நிறுத்தி, படம் எடுத்த இடத்தைக் காட்டும் வசதியையும் அணைத்துவிட வேண்டும்.

பிள்ளைகள் படத்தில் கூடுதல் கவனம் தேவை. முகம் தெளிவாகத் தெரியும் படத்தின்கீழ் பிள்ளையின் முழுப்பெயரையும் பள்ளியின் பெயரையும் சேர்த்து எழுதக்கூடாது. படம் எடுக்க வேண்டாம் என்று சொன்ன குடும்பங்களைப் பதிவேட்டிலேயே குறித்துவைத்து, படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எண்களும் அப்படித்தான். வணிகப் பரிவர்த்தனைகளில் தனிநபர் தரவைக் கையாள்வதற்கென மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. அது 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. தன்னார்வலர்கள் நடத்தும் பொங்கல் விழா வணிகம் அல்ல. ஆனால் பானமும் கூடாரமும் கொடுத்த ஆதரவாளர், "வந்தவர்கள் எண்களைக் கொடுங்கள், எங்கள் சலுகைகளை அனுப்புகிறோம்" என்று கேட்டால் விஷயம் வேறு. பொங்கலுக்கென்று கொடுத்த எண்ணைப் பொங்கலுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

கருத்துப் படிவம் ஏன் வெறுமையாகத் திரும்புகிறது?

கூகல் படிவத்தில் தமிழிலேயே கேள்விகளை எழுதலாம். மூன்று போதும். நேரம் வசதியாக இருந்ததா? எது குறையாக இருந்தது? அடுத்த முறை எத்தனை பேர் வருவீர்கள்? முதலாவதும் மூன்றாவதும் தட்டித் தேர்ந்தெடுப்பவை. இரண்டாவது மட்டும் எழுதுவது. "நிகழ்ச்சி எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லாரும் "நன்றாக இருந்தது" என்றே எழுதுவார்கள். அதை வைத்து எதையும் மாற்ற முடியாது.

பதில் வராததற்கு ஆர்வமின்மை மட்டுமே காரணமாக இருப்பதில்லை. Limit to 1 response என்ற அமைப்பைப் போட்டுவிட்டால், பதில் எழுதுபவர் முதலில் கூகல் கணக்கில் நுழைய வேண்டும். கடவுச்சொல் மறந்த அத்தை அங்கேயே நின்றுவிடுவார். Collect email addresses என்பதும் இப்படித் தயங்கவைக்கும். இரண்டையும் அணைத்துவிட வேண்டும். அனுப்புவதற்கு முன், குழுவில் இல்லாத ஒருவரின் கைப்பேசியில் இணைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். படிவத்தை உருவாக்கியவரின் கைப்பேசியில் அது எப்போதும் திறக்கும் என்பதால், அதில் சோதிப்பதில் பயனில்லை.

இன்னொரு காரணம் பயம். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் APK கோப்பை அனுப்பி, அதை நிறுவியவரின் வங்கிப் பணத்தைத் திருடும் மோசடி நம் நாட்டில் பலரைப் பாதித்திருக்கிறது. இணைப்பைத் தட்டாதே என்று பிள்ளைகள் பெற்றோருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அது சரியான அறிவுரைதான். ஆகவே நம்பும்படி அனுப்புவது நம் பொறுப்பு. இன்ன எண்ணிலிருந்து, இன்ன நாளில் படங்கள் வரும் என்று விழா மேடையிலேயே அறிவித்துவிட வேண்டும். கூகல் படிவத்தின் சுருக்க இணைப்பு forms.gle என்றும், படத் தொகுப்பின் இணைப்பு photos.app.goo.gl என்றும் தொடங்கும். வேறு சுருக்கும் தளங்களில் போட்டு அதை மறைக்கக்கூடாது.

பெறுபவரும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மோசடிக்காரரும் கூகல் படிவம் தயாரிக்கலாம். எனவே முகவரியை மட்டும் பார்த்து நம்பாமல், என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, டேக் எண் கேட்டால், அல்லது எதையாவது நிறுவச் சொன்னால், அது நன்றிச் செய்தி அல்ல. ஏமாந்து பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

புலனம் இல்லாதவர்களுக்கு

பொத்தான் கைப்பேசி வைத்திருக்கும் பெரியவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஆனால் அதில் இணைப்பைப் போடக்கூடாது. மோசடியைத் தடுக்க, இணைய இணைப்புள்ள குறுஞ்செய்திகளை 2023 மே முதல் கட்டங்கட்டமாகத் தடுக்கும்படி தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் உத்தரவிட்டது. இணைப்பைச் சேர்த்தால் நன்றியும் சேர்ந்து போகாமல் நின்றுவிடலாம்.

தமிழ்க் குறுஞ்செய்திக்கு நீளமும் குறைவு. ஆங்கில எழுத்தில் 160 குறிகள் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழில் 70 குறிகளே கொள்ளும். புள்ளியும் கொம்பும் தனிக் குறியாகக் கணக்கிடப்படும். "நன்றி" என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கைப்பேசிக்கு ஐந்து குறி. "பொங்கலுக்கு வந்ததற்கு நன்றி. படங்கள் ஆலயப் பலகையில்." என்பது 52 குறிகள். ஒரே செய்தியில் அடங்கிவிடும். சில பழைய கைப்பேசிகளில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அவர்களுக்கு அழைத்துப் பேசுவதே வழி.

பத்துப் பன்னிரண்டு படங்களை அச்சிட்டு ஆலயப் பலகையில் ஒட்டி, கீழே அடுத்த தேதியைப் பெரிதாக எழுதலாம். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரும் பெரியவர்களிடம் அதே மூன்று கேள்விகளை வாயால் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

இதை ஏன் வலியுறுத்த வேண்டியிருக்கிறது என்பது பதில்களைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். நம் எடுத்துக்காட்டில் படிவத்துக்கு 19 பதில்கள் வந்தன. அவற்றில் 15 பட்டணத்திலிருந்து. "மாலையில் இன்னும் சற்று நேரம் கலைநிகழ்ச்சி வைத்திருக்கலாம்" என்பதே அதிகம் பேரின் கருத்து. வெள்ளிக்கிழமை ஆலயத்தில் கேட்ட 11 பெரியவர்களில் 8 பேர் சொன்னது வேறு. "ஐந்து மணிக்குமேல் குளிர் தாங்கவில்லை, உட்கார மறைவான இடம் இல்லை, அதனால் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டோம்." தானா ராத்தாவே ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் சாய்ந்ததும் திறந்தவெளித் திடலில் குளிர் ஏறும். படிவத்தை மட்டும் நம்பியிருந்தால், குழு அடுத்த ஆண்டு நிகழ்ச்சியை இன்னும் ஒரு மணி நேரம் நீட்டியிருக்கும். தோட்டத்திலேயே வாழும் மூத்தவர்கள் இன்னும் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

இரண்டு பட்டியலையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் தீர்வு கிடைக்கிறது. நிகழ்ச்சியைக் காலை பத்துக்கே தொடங்கி நான்கு மணிக்குள் முடிக்கலாம். அப்போது கலைநிகழ்ச்சிக்கும் நேரம் இருக்கும், ஈப்போவுக்குப் போகிறவர்களும் வெளிச்சத்திலேயே இறங்கலாம். இந்த முடிவை இரண்டு வரியில் அதே பட்டியலுக்கு அனுப்ப வேண்டும்: "குளிர் பற்றி மூத்தவர்கள் சொன்னார்கள். ஏப்ரல் 12 நிகழ்ச்சி காலை 10க்குத் தொடங்கி மாலை 4க்குள் முடியும். பெரியவர்களுக்கு மண்டபத்துக்குள் இருக்கை." அனுப்பிய மறுநாள், மறக்காமல் Info பட்டியலைத் திறந்து, இம்முறை 74 பேரில் எத்தனை பேருக்குச் சேர்ந்தது என்று பாருங்கள்.